கணக்கு போடும் முன் மூட்டுகளைப் பார்த்தேன்: ஒரு கொட்டகை ட்ரஸ்ஸில் விசையற்ற உறுப்புகளைக் கண்டுபிடித்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய பட்டறையின் உரிமையாளர் தம் கொட்டகையின் கூரையைத் தாங்கும், உறுப்புகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகமான ட்ரஸ்ஸில் செயின் பிளாக் மாட்டிப் பழுதான மோட்டார் ஒன்றைத் தூக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். மோட்டாரின் எடை ஏறத்தாழ ஒரு டன். செயின் பிளாக்கின் எடையையும் தூக்கும்போது ஏற்படும் குலுக்கலையும் சேர்த்து 12 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொண்டேன். அந்தச் சுமையால் எந்த உறுப்பில் எவ்வளவு விசை கூடும் என்பதே கேள்வி. அதற்கு விடை கண்ட முறையை, குறிப்பாகக் கணக்கைத் தொடங்கும் முன் செய்த ஆய்வை, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ட்ரஸ்ஸின் அகலம் 12 மீட்டர், நடு உயரம் 3 மீட்டர். அடியில் கிடையாக ஓடும் டையில் 2 மீட்டருக்கு ஒரு மூட்டு வீதம் ஏழு மூட்டுகள் இருந்தன. இடது சுவரிலிருந்து வலது சுவர் வரை அவற்றுக்குக் கீ0, கீ1 என்று தொடங்கிக் கீ6 வரை பெயரிட்டேன். சாய்வான ராஃப்டர்களில் கீ1 முதல் கீ5 வரையுள்ள மூட்டுகளுக்கு நேர் மேலே மே1 முதல் மே5 வரை ஐந்து மூட்டுகள். மே3 என்பது முகடு. மேலும் கீழுமாக ஐந்து நிமிர்ந்த உறுப்புகள். இவை தவிர மே1இலிருந்து கீ2க்கும், மே2இலிருந்து கீ3க்கும், வலப்பக்கம் அதே அமைப்பில் மே5இலிருந்து கீ4க்கும், மே4இலிருந்து கீ3க்கும் செல்லும் நான்கு சாய்வு உறுப்புகள். மொத்தம் 12 மூட்டுகள், 21 உறுப்புகள். 2 × 12 − 3 = 21 என்பதால் சமநிலைச் சமன்பாடுகளைக் கொண்டே தீர்க்கக்கூடிய ட்ரஸ் இது. சுமையை மே2 மூட்டில் தொங்கவிடுவதாக எடுத்துக்கொண்டேன்.

டிப்ளமோ படித்த காலத்தில் இத்தகைய கணக்கைப் பார்த்ததும் கீ0இல் தொடங்கி, மூட்டு மூட்டாக இரண்டிரண்டு சமன்பாடுகள் எழுதிக்கொண்டே போவேன். நான்காவது மூட்டில் ஒரு குறி தவறினால் அதன் பிறகு வரும் எல்லா விடைகளும் தவறாகிவிடும். அது கடைசி மூட்டில்தான் தெரியவரும். எங்கள் ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூட்டையும் ஒரு தடவை பாரு. அங்க யாரு தனியா நிக்கறாங்கன்னு பாரு" என்றார். ஆய்வு முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு மூட்டில் மூன்று உறுப்புகள் சேர்ந்து, அவற்றில் இரண்டு ஒரே நேர்கோட்டில் இருந்து, அந்த மூட்டில் வெளிச்சுமை எதுவும் இல்லையென்றால், அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் விசை தரக்கூடியது மூன்றாவது உறுப்பு மட்டுமே. அதை எதிர்க்க வேறு எதுவும் இல்லாததால் அதன் விசை சுழியாக இருந்தே ஆக வேண்டும். ஒரு மூட்டில் நேர்கோட்டில் அமையாத இரண்டு உறுப்புகள் மட்டும் இருந்து, சுமையும் இல்லையென்றால் இரண்டுமே சுழி. இந்த இரண்டாம் வகை மூட்டு எங்கள் கொட்டகை ட்ரஸ்ஸில் இல்லை. முழு வேலையையும் முதல் விதியே செய்தது.

முதலில் கீ1ஐப் பார்த்தேன். அடி டையின் இரண்டு துண்டுகள் ஒரே கோட்டில் செல்கின்றன, மேலே மே1க்குச் செல்லும் நிமிர்ந்த உறுப்பு தனியாக நிற்கிறது, சுமை இல்லை. ஆகவே மே1–கீ1 சுழி. இதே காரணத்தால் வலப்பக்கம் மே5–கீ5உம் சுழி.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். மே1 மூட்டில் நான்கு உறுப்புகள் சேர்வதால் அங்கே விதி பொருந்தாது என்று தோன்றும். ஆனால் அந்த நான்கில் ஒன்றான மே1–கீ1 சுழி என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை மனத்தளவில் நீக்கிவிட்டுப் பார்த்தால், ராஃப்டரின் இரண்டு துண்டுகள் ஒரே கோட்டிலும் மே1–கீ2 என்ற சாய்வு உறுப்பு தனியாகவும் நிற்கின்றன. அந்தச் சாய்வு உறுப்பு ராஃப்டருக்குச் செங்குத்தாக இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கோட்டிலிருந்து விலகியிருந்தால் போதும், அதன் செங்குத்துக் கூறு எதிர்ப்பின்றித் தனியாகிவிடும். ஆகவே மே1–கீ2உம் சுழி. இனி கீ2க்கு இறங்கினால், அங்கே வரும் சாய்வு உறுப்பும் போய்விட்டதால், டையின் இரண்டு துண்டுகளுக்கு எதிரே மே2–கீ2 தனியாக நிற்கிறது, அதுவும் சுழி. அடுத்தது மே2. அங்கே 12 கிலோநியூட்டன் தொங்குவதால், இடப்பக்கத்தில் ஒன்றைத் தொடர்ந்து ஒன்று சுழியாகும் இந்தச் சங்கிலி அங்கேயே நின்றுவிடுகிறது.

வலப்பக்கத்தில் சங்கிலியைத் தடுக்கச் சுமை எதுவும் இல்லை. மே5இல் மே5–கீ4, கீ4இல் மே4–கீ4, மே4இல் மே4–கீ3 என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சுழியாயின. ஆக இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு, மொத்தம் ஏழு உறுப்புகள் ஒரு கூட்டல்கூடப் போடாமல் விலகிவிட்டன. அதைவிடப் பெரிய பயன் இன்னொன்று உண்டு. தனியாக நின்ற உறுப்பு சுழியாகும் ஒவ்வொரு மூட்டிலும், நேர்கோட்டில் உள்ள மற்ற இரண்டின் விசைகளும் சமமாகின்றன. எனவே கீ0 முதல் கீ3 வரை டையில் ஒரே விசை, கீ3 முதல் கீ6 வரை ஒரே விசை. வலது ராஃப்டர் முழுவதும் ஒரே விசை. மீதி 14 உறுப்புகளில் கண்டுபிடிக்க வேண்டிய மதிப்புகள் ஏழே ஏழு.

அதன் பிறகு கணக்கு ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. திருப்புத்திறன் எடுத்தால் கீ0இல் எதிர்விசை 8, கீ6இல் 4 கிலோநியூட்டன். ராஃப்டரின் சாய்வு 2க்கு 1 என்பதால், கீ0 முதல் மே2 வரை ராஃப்டரில் 17.89 அமுக்கம், இடது டையில் 16 இழுவிசை. மே2இலிருந்து முகடு வரையிலும், முகட்டிலிருந்து வலது முனை வரையிலும் ராஃப்டரில் 8.94 அமுக்கம், வலது டையில் 8 இழுவிசை. நடு நிமிர்ந்த உறுப்பில் 8 இழுவிசை, மே2–கீ3இல் 11.31 அமுக்கம். கீ3ஐ நான் வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தேன். இடப்பக்க டை 16 இழுக்கிறது, வலப்பக்க டை 8 இழுக்கிறது. மீதி 8ஐ 45 பாகையில் வரும் சாய்வு உறுப்பின் கிடைக்கூறு சரிக்கட்டுகிறது. அதன் செங்குத்துக் கூறான 8ஐ நடு உறுப்பு மேலே இழுத்துப் பிடிக்கிறது. மே4–கீ3க்கு அங்கே எந்த வேலையும் மிச்சமில்லை. ஆய்வில் சுழி என்று சொன்னது கணக்கிலும் சுழியாக வந்ததால், முழுத்தாளும் சரி என்று நிம்மதியாக ஏற்றுக்கொள்ள முடிந்தது.

மாணவனாக இருந்தபோது இதே வகை ட்ரஸ்ஸில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கீ6இல் இரண்டே உறுப்புகள், சுமை வரையப்படவில்லை. ஆகவே இரண்டும் சுழி என்று எழுதிவிட்டேன். சுவர் தரும் எதிர்விசையும் மூட்டின் மேல் செயல்படும் வெளிவிசைதான். வலப்பக்கம் முழுவதையும் சுழியாக்கிவிட்டால் அங்குள்ள 4 கிலோநியூட்டன் எதிர்விசையைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை. இப்படி ஒரு முரண்பாடு வந்தால் தாங்கு மூட்டில்தான் தவறியிருக்கிறோம் என்று அறியலாம். அதன் பிறகு, ஆய்வைத் தொடங்குமுன் சுமைகளோடு எதிர்விசைகளையும் அம்புக்குறியிட்டு வரைந்துகொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கணக்கு முடிந்ததும் உரிமையாளர், "சார், மேல ஏறிக் கட்டறது சிரமம். அந்த இடத்துக்கு நேர் கீழே டையிலேயே மாட்டிக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுமை கீ2க்கு இறங்கினால், நான் சுழி என்று குறித்திருந்த மே2–கீ2 முழு 12 கிலோநியூட்டனையும் இழுவிசையாகச் சுமக்கும். மற்ற ஆறு சுழிகளும் எல்லா மதிப்புகளும் அப்படியே இருக்கும். ஆனால் கொக்கி கீ2இலிருந்து அரை மீட்டர் விலகினால்கூட டை வளையத் தொடங்கும். நம் விதிகள் மூட்டுகளில் மட்டும் சுமை விழும் ட்ரஸ்ஸுக்கு உரியவை என்பதால் இந்தத் தாளே அதற்குப் பொருந்தாது. எல் வடிவ இரும்புக் கோணங்களால் ஆன அந்த டை வளைவுக்காக அமைக்கப்பட்டதும் அல்ல. ஆகவே மே2 மூட்டைச் சுற்றி ஸ்லிங் போட்டே மாட்டச் சொன்னேன்.

இந்தச் சுழிகள் செயின் பிளாக் சுமைக்கு மட்டுமே உரியவை. கூரைத்தகடும் அதைத் தாங்கும் பர்லின்களும் மேல் மூட்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 கிலோநியூட்டனை எப்போதும் இறக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுமைக்குத் தனித்தாள் எடுத்து ஆய்வு செய்தால் மே1–கீ1, மே5–கீ5 ஆகிய இரண்டு மட்டுமே சுழி. மே1இல் சுமை இருப்பதால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது, மே1–கீ2இல் 3.35 அமுக்கமும் மே2–கீ2இல் 1.5 இழுவிசையும் வருகின்றன. இரண்டு தாள்களின் விடைகளையும் கூட்டித்தான் ஒவ்வொரு உறுப்பின் தாங்குதிறனோடு ஒப்பிட்டேன். தாளின் தலைப்பில் எந்தச் சுமை என்று எழுதாமல் உறுப்பின் மேல் சுழி என்று மட்டும் குறித்துவைப்பது ஆபத்தானது.

இரண்டு தாள்களிலும் மே1–கீ1 சுழியாக இருந்ததைக் கண்ட உரிமையாளர், காற்றுக்குழாய் கொண்டுபோக இடைஞ்சலாக இருந்த அந்த ஒரு மீட்டர் உறுப்பை வெட்டி எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். அதை எடுத்துவிட்டால் கீ1 மூட்டை மேலிருந்து பிடித்துக்கொள்ள எதுவும் இராது. ஒரே கோட்டில் உள்ள இரண்டு துண்டுகள் இடையில் கீல் வைத்ததுபோல் நிற்கும். டை கீ1இல் ஒட்டில்லாமல் ஒரே நீளமாக ஓடுகிறது என்றாலும் சிக்கல் தீராது. பலத்த காற்று தகட்டுக் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்போது அந்த உறிஞ்சல் கூரையின் எடையை மிஞ்சினால், இழுவிசையில் இருந்த டை அமுக்கத்துக்கு மாறும். அப்போது ட்ரஸ்ஸின் தளத்தில் அதன் பிடிப்பற்ற நீளம் 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டராகிவிடும். மெலிந்த உறுப்பு ஒன்றின் நீளம் இரட்டித்தால், அது நெளிந்துவிடாமல் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். இதை அவருக்குத் தாளில் கோடு போட்டு விளக்கினேன். காற்றுக்குழாயை மே1–கீ1க்கும் கீ2க்கும் இடையே, சாய்வு உறுப்புக்குக் கீழே இருந்த முக்கோண இடைவெளி வழியாகக் கொண்டுபோகச் சம்மதித்தார்.