ஆக்ஸிமீட்டரில் 78, ஈசிஜியில் 126

அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சீரில்லாமல் துடிக்கும் கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, இதய வேகத்தைக் குறைக்க மெட்டோபுரோலால் 25 மி.கி. கொடுத்து, "தினமும் பல்ஸ் எழுதிக்கொண்டு வாங்க" என்றார்கள். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி எழுதினேன். 74, 78, 82. நோட்டைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் வினையானது. மறுபரிசோதனைக்குப் போனபோது இருந்த இளம் மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "கன்ட்ரோல்ல இருக்கு, இதே டோஸ் போதும்" என்றார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா சொன்னதற்கு, வயசாகிறதல்லவா என்ற பதில். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை.

பத்து நாளில் குளியலறைக்குப் போய் வரவே அப்பா மூச்சு வாங்கினார். மறுபடி ஓடினோம். ஈசிஜி தாளின் மேல் 126 என்று அச்சாகியிருந்தது. அதே நேரம் விரலில் ஆக்ஸிமீட்டர் 78. ஈசிஜி எடுத்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எங்க மெஷின் காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது, வெளியில எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஆட்டோ பிடித்து, இன்னொரு லேபில் காத்திருந்து, திரும்பக் காசு கட்டி எடுத்தால் அங்கே 122. மெஷின் மேல் தப்பே இல்லை.

திரும்பி வந்ததும் ஒரு மூத்த சிஸ்டர்தான் விஷயத்தைப் பிடித்தார். முதலில் தாளில் பத்து விநாடி நீளத்துக்கு ஓடும் கோட்டில் உயர்ந்த முனைகளை எண்ணச் சொன்னார். 20 இருந்தன. ஆறால் பெருக்கினால் 120. அப்புறம் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் இடது மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இருவரும் ஒரே நொடியில் ஆரம்பித்து ஒரு முழு நிமிடம் எண்ணினார்கள். நெஞ்சில் 118. மணிக்கட்டில் 84.

"நெஞ்சில துடிச்சதுல 34 கைக்கு வந்தே சேரல" என்றார். இதயம் துடிப்பது ஒரு கணக்கு, அந்தத் துடிப்பு ரத்த அலையாகக் கையை எட்டுவது இன்னொரு கணக்கு. சீரான துடிப்பில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் நாம் வித்தியாசம் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு இடைவெளி தாறுமாறு. ஒரு துடிப்பு முடிந்த கையோடு அடுத்தது வந்துவிட்டால் இதயத்தின் கீழறையில் ரத்தம் நிரம்ப நேரமிருக்காது. பாதி நிரம்பிய பை பிழிந்தால் கொஞ்சம்தான் வரும். அந்த அலை மணிக்கட்டில் தட்டுப்படாது. சில சமயம் வால்வைத் திறக்கும் அளவுக்குக்கூட அழுத்தம் எழாது. ஆனால் மின்சாரம் பாய்ந்ததால் ஈசிஜி அதையும் எண்ணிவிடும். ஆக்ஸிமீட்டரோ விரலில் ரத்தம் ஏறி இறங்குவதை ஒளியால் பார்க்கிற கருவி. வராத ரத்தத்தை அது எப்படி எண்ணும்? பிபி மெஷின் காட்டும் பல்ஸும் இதே ரகம்தான்.

இந்த வித்தியாசத்துக்குப் பல்ஸ் டெஃபிசிட் என்று பெயர். இதயம் வேகமாக ஓட ஓட இது கூடும். அதாவது மாத்திரை போதாத நேரத்தில்தான் என் நோட்டு அதிகமாகப் பொய் சொல்லியிருக்கிறது. ஓய்வில் 110-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னதும் நெஞ்சுக் கணக்கைத்தான். அன்றே டோஸை 50 ஆக்கினார்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒன்றுவிட்டு ஒன்று முந்திக்கொண்டு வரும் துடிப்பு. விரலில் 42 காட்டியதும் பயந்து, கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஈசிஜியில் 84 இருந்தது.

நான் ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கினேன். முதல் நாள் 200-க்கு மேல் எண்ணிவிட்டு வெலவெலத்துப்போனேன். லப், டப் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற சோம்பேறித்தனமும் இதில் உதவாது. ஒரு கால் நிமிடத்தில் 30, அடுத்ததில் 22 என்று வரும். இப்போது அம்மா மணிக்கட்டைப் பிடிக்க, நான் நெஞ்சில் எண்ணுகிறேன். நோட்டில் இரண்டு பத்தி. நேற்று நெஞ்சில் 86, கையில் 81. ஆக்ஸிமீட்டரை ஆக்சிஜன் பார்க்க மட்டும் எடுக்கிறோம்.