ஃபால்ஸ் சீலிங்குக்குள் செத்த எலி: தேடி எடுத்த அனுபவம்

செத்த எலியின் நாற்றம் எந்த இடத்தில் மூக்கைத் துளைக்கிறதோ அந்த இடத்தில்தான் எலியும் கிடக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட அறையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும். மன்னார்குடிக்கு அருகே எங்கள் ஊரில், முன்புறம் நாட்டு ஓடும் பின்புறம் கான்கிரீட்டுமாக இருக்கும் எங்கள் வீட்டின் படுக்கையறையில், சென்ற தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு இந்தத் தொல்லை வந்தது. வயல் வெறிச்சோடியதும் எலிகள் நெல் மூட்டை இருக்கும் வீடுகளை நாடுவது டெல்டாவில் ஆண்டுதோறும் நடப்பதுதான். பக்கத்து வீட்டில் மூட்டை அடுக்கிய அறையில் எலி கேக் வைத்திருந்தார்கள். அந்த வகை விஷம் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்லும் என்பதால், தின்ற எலி நிதானமாகத் தன் வளைக்கோ கூட்டுக்கோ திரும்பி வந்து அங்கேயே சாகும். விஷம் தின்ற எலி தாகமெடுத்து வெளியே ஓடிவிடும் என்றும், நாறாமல் காய்ந்துவிடும் என்றும் சொல்லி விற்பவர்கள் உண்டு; இரண்டுமே உண்மையல்ல.

நாற்றம் தெரிந்ததும் நாங்கள் முதலில் பார்த்தது சமையலறையைத்தான். சமையல் எரிவாயுவுக்கென்று தனி மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக அதில் கலக்கும் கந்தகச் சேர்மத்தின் வாடையைச் சிலர் அழுகல் நாற்றம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானதால் தரையோரமாகத் தங்கும். எனவே சிலிண்டருக்கு அருகே குனிந்து முகர்ந்து, ரெகுலேட்டரிலும் குழாயிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வாடை அங்கே மிகுந்திருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அங்கு ஒன்றுமில்லை. நாற்றம் படுக்கையறையில் ஆள் உயரத்துக்கு மேலேதான் இருந்தது. மொட்டைமாடித் தளம் சூடேறும் பிற்பகலில் அது பலமடங்காகியது. இப்படி மேலேயிருந்து வெயிலோடு ஏறி இறங்கியதால், கூரைப் பக்கம்தான் ஏதோ செத்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம்.

தேடுவதற்கு முன் அத்தையிடம் சாம்பிராணி போடுவதையும் ஊதுவத்தி ஏற்றுவதையும் நிறுத்தச் சொன்னேன். மணம் கலந்துவிட்டால் திசை பிடிபடாது. இரவு முழுவதும் ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவைத்து, விடிந்ததும் வெளியிலிருந்து நேராக உள்ளே போய் முகர்ந்தேன். மூக்கு சில நிமிடங்களிலேயே அந்த வாடைக்குப் பழகிவிடுகிறது. அதன் பிறகு எங்கு போனாலும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு முறையும் முற்றத்துக்கு வந்து நல்ல காற்றை இழுத்துவிட்டு மீண்டும் போனால்தான் வேறுபாடு புலப்படும்.

அப்படிப் பார்த்ததில், கிழக்குச் சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டுக்கு அருகில்தான் வாடை மிக மோசமாக இருந்தது. சுவரை உடைக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எங்கள் ஊர் வயர்மேன் தம்பிதான் அதைத் தடுத்தார். "சுவருக்குள்ள எலி போக எடமே இல்லைங்க. மேல இருந்து பைப் வழியாத்தான் காத்து எறங்குது," என்றார். அவர் சொன்னது சரி. செங்கல் வைத்துக் கட்டிப் பூசிய சுவருக்குள் எலி படுக்கும் அளவு வெற்றிடம் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் ஒயர் ஓடும் பிவிசி குழாயின் மேல்முனை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே திறந்தபடி இருக்கும். கீழ்முனை போர்டுக்குள் முடியும். மேலே தேங்கிய நாற்றம் குழாய் வழியாக இறங்கி ஸ்விட்சின் இடுக்குகளில் வெளிவருகிறது. எலி அறையின் மறுமூலையில் கிடந்தாலும் மூக்கு போர்டைத்தான் காட்டும்.

ஆகவே நாற்றம் வெளிவரும் வாய்களை அடைத்துப் பார்ப்பதே முறை. போர்டின் விளிம்பு, கூரை விளக்குகளின் விளிம்பு, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி ஆகிய எல்லாவற்றிலும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டினோம். பிறகு ஒவ்வொரு விளக்கின் டேப்பாகப் பிரித்து, சற்றுநேரம் விட்டு முகர்ந்தோம். ஏசி மாட்டிய மேற்குச் சுவரை ஒட்டிய விளக்கைத் திறந்ததும் குடலைப் புரட்டியது. அதே விளக்கின் கண்ணாடிக்குள் பச்சைப் பளபளப்புள்ள ஈக்கள் இரண்டு மூன்று செத்துக் கிடந்தன. பிணத்தில் முட்டையிடும் இந்த ஈக்கள் வளர்ந்து பறக்கத் தொடங்கியதும் வெளிச்சத்தை நோக்கி வரும். எனவே ஈ கிடக்கும் விளக்கு, மூக்கைவிட நம்பத்தக்க சாட்சி.

இதற்குமேல் கைவைப்பதற்கு முன் மெயினை அணைத்தாக வேண்டும். எலி இருந்த இடத்தில் ஒயரின் மேலுறை கடிபட்டிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஜிப்சம் பலகையைத் தாங்கும் தகரச் சட்டத்தில் அந்த ஒயர் பட்டால் சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும். அந்த அறையின் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. வீட்டு மெயினை இறக்கி, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே தம்பி ஏணியில் ஏறினார். விளக்கை இரு பக்கமும் ஸ்பிரிங் பிடித்திருக்கும். மெல்லக் கீழே இழுத்தால் கழன்றுவிடும். அந்த ஓட்டை வழியே கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, வீடியோ ஓடவைத்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். தலையை நுழைக்கவோ வெறுங்கையால் துழாவவோ தேவையே இல்லை. படத்தில், ஏசி குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்துக்கு அருகே பஞ்சும் வைக்கோலும் குவிந்த ஒரு கூடும், அதன் விளிம்பில் வாலும் தெளிவாகத் தெரிந்தன. கீழிருந்து பார்த்தால் அதே இடத்தில் வெள்ளைப் பூச்சின்மேல் பழுப்பு வளையம் ஒன்று மங்கலாக ஊறியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு, ஓட்டை வழியே ஒரு பாட்டில் பினாயிலை ஊற்றிவிடச் சொன்னார். அதை ஒருபோதும் செய்யக்கூடாது. ஈரம் ஒயரில் இறங்கும், ஜிப்சம் ஊறி இடிந்து விழும், நாற்றமும் போகாது. பின்னர் பிளீச்சிங் தெளிக்கும்போது இரண்டும் கலந்துவிடும் ஆபத்தும் உண்டு. பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிட் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு எழும். ஆகவே பிளீச்சிங் புழங்கும் இடத்தில் வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் நாங்கள் அனுமதிக்கவில்லை.

கட்டிலை வெளியேற்றி, தரையில் தார்ப்பாய் விரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். ரப்பர் கையுறை, கண்ணாடி, மூக்கோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை ஆகியவற்றை இருவரும் அணிந்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 முதல் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் அன்றைக்கே கலக்கி, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டித் தெளிப்பானில் நிரப்பினேன். வண்டலோடு ஊற்றினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பலகையைச் சுத்தியலால் உடைக்காமல், கறைக்கு வெளியே ஒரு கையகலம் தள்ளிச் சதுரமாகப் பென்சில் கோடு போட்டு, சிறிய ரம்பத்தால் மூன்று பக்கம் அறுத்து, நான்காம் பக்கத்தை ஒருவர் தாங்கிப் பிடிக்க மற்றவர் அறுத்தோம். அறுப்பவர் வெட்டுக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. புழுவும் நீரும் முகத்தில்தான் விழும்.

பலகையை இறக்கியதும் எலியும் கூடும் அதன்மேலேயே வந்தன. ரோமம் காகிதத்தோடு ஒட்டிப்போய், வயிறு கருத்துத் தளர்ந்திருந்தது; அதன் அடியில் புழுக்கள் நெளிந்தன. உடனே எடுத்துவிடத் தோன்றும், ஆனால் காய்ந்த எச்சத்தையும் கூட்டையும் கிளறினால் தூசி பறந்து மூச்சில் ஏறும். ஆகவே எலி, கூடு, புழுக்கை எல்லாம் நன்றாக நனையும்படி தெளித்துவிட்டு, 10 நிமிடம் அப்படியே விட்டோம். எலி செத்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகளும் தெள்ளுகளும் வேறு உடலைத் தேடும் என்பதால் சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகியிருந்தோம். பிறகு தடித்த பாலிதீன் பையைக் கையில் கவிழ்த்துப் போட்டு எலியைப் பிடித்து, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சிட்டு, இன்னொரு பைக்குள் வைத்தோம். கறை ஊறிய பலகைத் துண்டும் தனிப் பையில் போயிற்று; ஜிப்சம் உறிஞ்சிய நீரை எந்தத் தெளிப்பும் வெளியேற்றாது, அதை வைத்துக்கொண்டால் நாற்றமும் இருந்துகொண்டேதான் இருக்கும். மேலே கான்கிரீட்டையும் சட்டத்தையும் அதே கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, தகரம் அரிக்காமலிருக்க வெறும் தண்ணீரால் மறுபடி துடைத்தோம். பெருக்கவோ வாக்குவம் போடவோ இல்லை.

வாய்க்காலில் வீசுவது ஊரில் பலருக்கும் வழக்கம். எலிக்காய்ச்சல் கிருமி ஈரமண்ணிலும் தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அதே வாய்க்காலில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள். வெட்டவெளியில் போட்டால் காக்கையும் பூனையும், வயலில் நமக்காக எலி பிடிக்கும் கூகையும் விஷம் ஏறிய உடலைத் தின்னும். தை மாதத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும் என்பதால், கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் எட்டத்தில், தென்னந்தோப்பு மேட்டில் 2 அடிக் குழி வெட்டி, பையிலிருந்து எலியைக் குழிக்குள் கவிழ்த்து, சுண்ணாம்பு தூவி மூடினோம். காலிப் பைகளும் கையுறைகளும் மற்றொரு பைக்குள் கட்டிக் குப்பை வண்டிக்குப் போயின.

உடைகளைச் சுடுநீரில் துவைத்து, இருவரும் குளித்தோம். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கண்சிவப்பு, கெண்டைக்கால் வலி எது வந்தாலும் மருத்துவரிடம் எலியைத் தொட்ட செய்தியை முதலிலேயே சொல்வது என்று பேசிவைத்துக்கொண்டோம். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகக் கடந்துவிடக் கூடும்.

வெட்டிய இடத்தைச் சில நாட்கள் திறந்தே வைத்து, சட்டத்தின்மேல் ஒரு தட்டில் அடுப்புக்கரியைப் பரப்பினோம். மிச்ச வாடை படிப்படியாகக் குறைந்தது. வெட்டவே முடியாத இடத்தில் எலி கிடந்தால் இதுவே வழி: இடுக்குகளை டேப்பால் அடைத்து, கரி வைத்து, உடல் காய்ந்து தீரும்வரை இரண்டு மூன்று வாரம் பொறுத்திருப்பது.

எலி வந்த வழி ஏசி குழாய்த் துளைதான். உள்ளே உயிரோடு வேறு எலி மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக, துளையோரம் கோதுமை மாவைத் தூவி, இரவுகளில் கால்தடம் பதிகிறதா என்று பார்த்து, தடமற்றுப் போன பிறகே கம்பிவலையைத் திணித்துச் சிமென்ட் பூசினோம். ஃபோம் மட்டும் அடித்தால் அதைக் கடித்துவிடும். தம்பி உள்ளேயிருந்த ஒயரைச் சோதித்தபோது, ஓரிடத்தில் மேலுறை கடிபட்டுச் செம்பு வெளியே தெரிந்தது. அந்தத் துண்டை மாற்றிவிட்டு, அறுத்த சதுரத்தில் பலகையை நிரந்தரமாகப் பூசி மூடாமல், திருகாணி கழற்றித் திறக்கக்கூடிய மூடியாகவே பொருத்தச் சொன்னேன்.