கமிஷன் தாளில் 28,000, கொடுக்க வேண்டியது 19,200

களப் பணியாளர்களின் கமிஷனைத் தணிக்கை செய்யும்போது நாங்கள் கணக்குத் தாளை முதலில் திறப்பதில்லை. தாளைப் பார்த்துவிட்டால் அதிலுள்ள சூத்திரமே சரி என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். அதனால் முதலில் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் பின்னால் வந்த திருத்தங்களையும் படித்து, மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்கிறோம். இலக்கை எதைக் கொண்டு அளப்பது? கூடுதல் விகிதம் எந்தத் தொகைக்கு? பணம் எப்போது கொடுபட வேண்டும்?

ஒரு காலாண்டுக் கணக்கைப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக முழுமையாக்கியிருக்கிறோம். விற்பனையாளரின் இலக்கு 10,00,000. அதுவரை 2 சதவீதம், அதைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 4 சதவீதம். இலக்கை அளப்பது திரும்பி வந்த சரக்கைக் கழித்த பில் தொகையை வைத்து. கமிஷன் கொடுபடுவது வசூலான விகிதத்தில். இரண்டு இடத்திலும் வரி சேராது.

தாளில் 12,00,000 விற்பனைக்கு 20,000 + 8,000 என 28,000 போட்டிருந்தது. திரும்பிய சரக்குக்காகத் தரும் கிரெடிட் நோட்டுகளின் பதிவேட்டை அடுத்த மாதம் வரை நீட்டிப் பார்த்ததில், அதே பில்களுக்கு எதிராக 1,00,000 திரும்பியிருந்தது. காலாண்டு முடிவோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. நிகர விற்பனை 11,00,000. அதற்கான கமிஷன் 20,000 + 4,000, அதாவது 24,000.

அடுத்தது வசூல். ரசீதுகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, திரும்பிய காசோலைகளை நீக்கி, ஒவ்வொன்றையும் அதன் பில்லோடு இணைத்தோம். எந்தப் பில்லுக்கும் ஒதுக்காத முன்பணத்தைச் சேர்க்கவில்லை. மிஞ்சியது 9,68,000, இதில் 10 சதவீத வரி அடக்கம். இங்கே பலர் தவறுகிறார்கள்: 9,68,000-லிருந்து 10 சதவீதத்தைக் கழித்து 8,71,200 என்கிறார்கள். வரி பில்லின் மேல் ஏறியது, ஆகவே 1.1-ஆல் வகுக்க வேண்டும். சரியான தொகை 8,80,000. இது 11,00,000-இல் 80 சதவீதம். எனவே இப்போது கொடுக்க வேண்டியது 24,000-இல் 80 சதவீதம், அதாவது 19,200.

வித்தியாசம் 8,800. அதை ஒரே வரியில் "அதிகப்படி" என்று எழுதக்கூடாது. திரும்பிய சரக்கால் வந்த 4,000 உண்மையான பிழை. அதை ஒப்பந்தம் அனுமதித்தால் பிடித்தம் செய்யலாம். மற்ற 4,800 பணம் வசூலானதும் அவருக்கே வந்து சேரும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் உழைத்தவருக்கு அநியாயம் நடக்கிறது. அடுத்த காலாண்டில் வசூல் வரும்போது அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் அறிக்கையில் 4,800-ஐ நிலுவையில் வைத்து, எந்தெந்தப் பில்கள் வசூலாக வேண்டும் என்ற பட்டியலை அவரிடமே கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறோம்.

நடுவில் வாடிக்கையாளர் வேறொருவர் பகுதிக்கு மாறியிருந்தால், பில் தேதியா வசூல் தேதியா எது செல்லும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். அதில் இல்லையென்றால் நாமாக முடிவு செய்யாமல், எழுத்தில் விளக்கம் வரும்வரை அந்தப் பில்களுக்கான கமிஷனை மட்டும் நிறுத்திவைப்பதுதான் சரி.