மூடி அளவு இரத்தக்கட்டி

யாங்கூனில் தமிழ்ப் பெண்கள் அதிகம் வரும் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மாதவிடாய்த் தொல்லை என்று வருபவர்களில் பலர் முதலில் சொல்வது நிறத்தைத்தான். "சயாமா, கறுப்பாப் போகுது, கெட்ட ரத்தம்தானே?" என்று கேட்பார்கள். கருப்பையிலிருந்து வேகமாக வெளியேறும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மெதுவாக இறங்கி வழியில் தங்கிய இரத்தம் காற்றுப்பட்டுப் பழுப்பாகவும், சில வேளை கறுப்பாகவும் மாறும். அதனால்தான் முதல் நாளிலும் கடைசி நாட்களிலும் பழுப்பு நிறம் சாதாரணமாகக் காணப்படுகிறது. கசிவு குறைவாக இருக்கும்போது கருப்பை வாயின் சளியோடு கலந்து வெளிர்சிவப்பாக வருவதும் இயல்பே. சாம்பல் நிறமும் துர்நாற்றமும் சேர்ந்திருந்தால், அல்லது அரிப்பு இருந்தால், தொற்று உண்டா என்று பார்க்க வேண்டும்.

நிறத்தைவிட நான் கவனமாகக் கேட்பது இரத்தக்கட்டியின் அளவைத்தான். மாதவிடாய் இரத்தம் உறையாமல் இருக்கக் கருப்பையிலேயே உறைவைக் கரைக்கும் நொதிகள் செயல்படுகின்றன. போக்கு மிகுந்து அவற்றால் ஈடுகொடுக்க முடியாதபோது கட்டிகள் உருவாகின்றன. ஆகவே, போக்கு அதிகமான நாளில் சிறு கட்டிகள் வருவதும், இரவு முழுவதும் படுத்திருந்து காலையில் எழும்போது தேங்கிய இரத்தம் ஒரு கட்டியாக விழுவதும் தம்மளவில் நோயல்ல. ஏறத்தாழ 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தால்தான் பரிசோதனை தேவை. பயிற்சி நூல்கள் இந்த அளவை வெளிநாட்டு நாணயங்களோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. நோட்டுகள் மட்டுமே கைமாறும் இந்த ஊரில் அதனால் யாருக்கும் பயனில்லை. நான் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்திருக்கிறேன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 3 செ.மீ. "இதைவிடச் சின்னதா, இந்த அளவா?" என்று கேட்டால் கூச்சப்படுபவர்களும் விரலால் காட்டிவிடுவார்கள்.

பூக்கடை வைத்திருக்கும் 41 வயதுப் பெண் ஒருவர், கடைசி நாட்களில் இரத்தம் கறுத்து வருகிறது என்று கவலைப்பட்டு வந்தார். அந்தக் கறுப்பு கவலைக்குரியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகக் கேட்டபோது, இரண்டாம், மூன்றாம் நாட்களில் மூடி அளவுக் கட்டிகள் விழுவதும், காலை முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துவிடுவதும், இரவில் நாப்கினுக்கு மேல் துணியும் வைத்து எழுந்து மாற்றுவதும், மொத்தம் 9 நாட்கள் போவதும் தெரிந்தன. "கெட்டது போனா நல்லதுதானே அக்கா" என்று அவர் இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருக்கிறார். பெரிய கட்டி, ஓரிரு மணிக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து பல மணி நேரம் நனைவது, இரவில் எழுந்து மாற்றுவது, 7 நாட்களைத் தாண்டுவது ஆகியவற்றில் ஒன்றிருந்தாலே மருத்துவரைக் காண வேண்டும். அவருக்கு நான்கும் இருந்தன.

கருவுற்ற நிலையில் கட்டியோடு வரும் இரத்தம் கருச்சிதைவாக இருக்கலாம் என்பதால் மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்தார், கரு இல்லை. ஹீமோகுளோபின் 8.4 கிராம் இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் போனாலே இரத்தசோகை. ஸ்கேனில், கருப்பையின் உட்குழிக்குள் துருத்திய ஒரு நார்க்கட்டி தெரிந்தது. அளவில் சிறியதுதான் என்றாலும், அந்த இடத்தில் இருப்பது போக்கை வெகுவாகக் கூட்டும். இரும்புச்சத்து மாத்திரையும், போக்கு மிகுந்த நாட்களுக்கு மட்டும் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் கொடுத்து, நார்க்கட்டியை அகற்றுவது பற்றி ஆலோசிக்க மகப்பேறு நிபுணரிடம் அனுப்பினார். எல்லோருக்கும் காரணம் நார்க்கட்டியாகவே இருக்காது. கருத்தடைக்காகக் கருப்பையில் வைக்கும் தாமிர வளையம், தைராய்டு குறைபாடு, கருப்பைத் தசை தடித்தல் ஆகியவையும் உண்டு. பூப்பெய்திய நாளிலிருந்தே இப்படிப் போகிறது என்று சொல்லும் இளம்பெண்ணுக்குப் பிறவியிலேயே உறைவுக் குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கப்படும். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்து தலைசுற்றலும் வந்தால், மறுநாள் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த அளவுகோல் பொருந்தாதவர்கள், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தவர்கள். உள்ளாடையில் ஒரேயொரு பழுப்புக் கறை பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், கருப்பை உட்சவ்வின் தடிப்பைப் பார்க்க அவர்களை ஸ்கேனுக்கு அனுப்புகிறோம்; தேவைப்பட்டால் திசுவும் எடுத்துச் சோதிக்கப்படுகிறது. அவர்களிடம் நான் மூடியை எடுத்துக் காட்டுவதே இல்லை.