பச்சைத் துணியில் காணாமல்போன பாவாடை

ராயபுரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. போட்டோ பூத் என் பொறுப்பு. 1856-இல் திறந்த நம்ம ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள்தான் பின்னணி என்பது முன்பே முடிவாகியிருந்தது. அதை பிளெக்ஸில் அடிப்பதா, பச்சைத் துணி கட்டி கணினியில் மாற்றிக்கொள்வதா என்பதில்தான் குழப்பம்.

“பச்சைத் துணி போதும் அக்கா, எந்தப் படம் வேணும்னாலும் போட்டுக்கலாம்” என்றார் போட்டோ எடுக்கும் தம்பி. பிள்ளைகள் என்ன நிறத்தில் உடுத்துவார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எம்.சி. ரோட்டுக்கு அலைந்து துணி வாங்கி வந்தேன்.

நல்லவேளை, இரண்டு நாள் முன்னாடியே ஒத்திகை பார்த்தோம். கிளிப்பச்சைப் பட்டுப்பாவாடையில் வந்த சிறுமிக்கு இடுப்புக்குக் கீழே ரயில் நிலையத் தூண்தான் தெரிந்தது! துணியின் நிறம் எங்கே இருந்தாலும் மென்பொருள் அதை நீக்கிவிடும். அது பாவாடையா திரையா என்று பார்க்காது. நீலத் துணிக்கு மாறலாம் என்றால், சீருடையே நீலம். வெள்ளை வேட்டி கட்டிய பையன்களுக்கும் ஓரமெல்லாம் பச்சை படிந்திருந்தது. துணியிலிருந்து ஆறடியாவது தள்ளி நின்றால் அது குறையும். ஆனால் எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையில் அப்படி நிற்க வைத்தால், கேமராவுக்கு இடமில்லை. தலையில் வைத்த மல்லிகைப்பூவின் ஓரத்தை ஒவ்வொரு படத்திலும் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு படத்துக்கே நாலைந்து நிமிடம். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

அன்று மாலையே பிளெக்ஸ் கடைக்கு ஓடினேன். பத்துக்கு எட்டு அடி, சதுர அடி 15 ரூபாய், மொத்தம் 1,200. பளபளப்பு இல்லாத மேட் வேண்டும் என்று சொல்லி, பில்லிலும் எழுத வைத்தேன். மறுநாள் கொடுத்ததோ பளபள பிளெக்ஸ், அதுவும் நாலாக மடித்து! கேட்டால், “எல்லாரும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க” என்கிறார். மறுபடி அடிக்க நேரமில்லை. தயவுசெய்து கடையிலேயே பிரித்துப் பாருங்கள், சுருட்டித்தான் வாங்குங்கள்.

மடிப்புக் கோடுகள் போக, மத்தியானம் மொட்டைமாடி வெயிலில் விரித்துப் போட்டோம். சூட்டில் இளகியதும் பைப் சட்டத்தில் நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். முக்கால்வாசி போய்விட்டது. அப்புறம் பிளாஷ். நேராக அடித்தால் தூண்களின் நடுவே வெள்ளை வட்டம் விழுந்தது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்வாக நகர்த்தி, பிள்ளைகளை நாலடி முன்னே நிறுத்தியதும் வட்டமும் போனது, பின்னால் விழுந்த நிழலும் போனது.

விழா அன்று எடுத்த படம் நேராக பிரிண்டருக்குப் போனது. ஆளுக்கு ஒரு நிமிடம்தான். கிளிப்பச்சைப் பாவாடைச் சிறுமி தன் படத்தை வாங்கியதும் முதலில் பாவாடையைத்தான் பார்த்தாள். ஜரிகை வரைக்கும் முழுசாக இருந்தது.