கண்கள் தெரியாத முகம்

ஒரு ஸ்டில் ஏன் மிரட்டுகிறது என்று புரிய, 1972இல் வந்த ‘காட்ஃபாதர்’ படத்தின் முதல் காட்சியை நிறுத்திப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே வைத்ததால் புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது, மாஃபியா தலைவராக நடிக்கும் மார்லன் பிராண்டோவின் கண்கள் சரியாகத் தெரிவதில்லை, அவர் என்ன நினைக்கிறார் என்று நம்மால் கணிக்க முடியாததுதான் பயமே.

அப்புறம் ஃபிரேம். அவரிடம் உதவி கேட்டு வந்தவரின் முகம் இருட்டுக்கு நடுவே தனியாக இருக்கிறது, காட்சி மெல்ல விரிய, பிராண்டோவின் தோளும் பின்தலையும் ஓரத்தில் பெரிதாக நுழைந்து வந்தவரைச் சிறியவராக்கிவிடுகின்றன.

நிறம், மஞ்சள் கலந்த பழுப்பு. பழைய காலத்து வாசனை அதில்தான் வருகிறது. படம் எடுத்த பிறகு நிறத்தை மாற்றும் கிரேடிங்கில் அதை நீலமாக்கினால் அறை குளிர்ந்துபோகும், ஆனால் வெளிச்சம் வந்த திசை மாறாது. ஸ்டில்லைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், மிரட்டல் அப்படியே இருந்தால் அது ஒளியும் ஃபிரேமும் செய்த வேலை.