பாண் ஓட்டோவும் என் மணியும்

ஜூன் 3, செவ்வாய்

நவம்பரில் ஏ/எல். இணைந்த கணிதப் பேப்பர் மூன்று மணித்தியாலம். எனக்கு நாற்பதாவது நிமிடத்திலேயே கை போனைத் தேடுகிறது. இன்றிலிருந்து டைமர் ஆப்: 50 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் இடைவேளை, மூன்று சுற்று. 25க்கு 5 என்ற பொமொடோரோ எனக்குச் சரிவரவில்லை. கணக்கு பிடிபடும் நேரம் பார்த்து மணி அடித்துவிடும்.

முதல் இடைவேளையில் மேசையில் தலை சாய்த்தேன். மணி கேட்டது. படிப்பு தொடங்குகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், திரையில் இரண்டாவது இடைவேளை ஓடுகிறது. தொடங்கவும் முடிக்கவும் ஒரே ஓசை. நடுவில் ஒரு மணித்தியாலம் தூங்கியிருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

தொடக்கத்துக்கு வேறு ஓசை வைத்தேன், ஆப்பிலேயே இருந்த பீத்தோவன் மெட்டு. அது அடித்ததும் அம்மம்மா பர்ஸோடு வாசலுக்குப் போய்விட்டார். "பாண் ஓட்டோ வந்திட்டுதோ பிள்ளை?" வெள்ளவத்தையில் அந்த மெட்டுக்கு வேறு அர்த்தமே இல்லை. சற்று நேரத்தில் உண்மையான ஓட்டோ வந்தது. நான் பேனாவை எடுத்தேன்!

இப்போது தொடக்கத்துக்கு மரக்கட்டையில் தட்டுவதுபோல இரண்டு தட்டு. முடிவுக்கு மெல்லத் தேய்ந்து அடங்கும் ஒற்றை மணி, திடுக்கிடாமல் நிமிரலாம்.

ஜூன் 7, சனி

தொகையீட்டின் நடுவில் முடிவு மணி. இதை மட்டும் முடிப்போம் என்று 14 நிமிடம் இழுத்தேன். அதற்குள் ஆப் இடைவேளையை முடித்து அடுத்த சுற்றைத் தொடங்கிவிட்டது. நானாக ஒரு இடைவேளை எடுத்தேன், அது இருபது நிமிடமாயிற்று. அப்புறம் அடித்த மணிகளெல்லாம் வேறு யாருக்கோ அடித்தவை.

45ஆவது நிமிடத்தில் மெல்லிய ஒரு 'டிங்' சேர்த்திருக்கிறேன். அது கேட்டால் புதுக் கணக்கு தொடங்குவதில்லை. முடிவு மணியடிக்கும்போதும் கணக்கு பாதியில் நின்றால், ஓரத்தில் பென்சிலால் அடுத்த படியை எழுதிவிட்டு எழும்புவேன். மாலையில் `u = tan x` என்று மட்டும் எழுதிவைத்தேன். திரும்பி வந்து கணக்கை முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

போனை ஹோலில் வைத்துவிட்டுப் படித்தேன். முடிவு மணி வந்தபோது சுவர்க்கடிகாரத்தில் 53 நிமிடம். திரை எரிந்தால் மணி நேரத்துக்கு வருகிறது, அணைந்தால் பிந்துகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்க போன் ஆப்பைத் தூங்கவைக்கிறது. செட்டிங்ஸில் இந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, திரையை அணைத்து ஒரு முழுச் சுற்று ஓடவிட்டேன். சரியாக 50.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

டியூஷன் இல்லை. மூன்று சுற்றும் ஒழுங்காக முடிந்தன. ஒரே குறை, இடைவேளையில் அம்மம்மா தரும் பிளேன்டி ஆறுவதற்குள் மரக்கட்டை தட்டிவிடுகிறது. மூன்றாவது சுற்றில் 'டிங்' கேட்டதுமே அவர் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டார்.